மழைக் கணக்கில் ஒரு வரித் திருத்தம்

தமிழ்நாட்டு மழை அளவுகளை அலசும் ஒரு ஜூபிட்டர் நோட்புக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளின் தினசரி மழைப் பதிவுகளைப் படித்து, மாவட்ட வாரியாகக் கூட்டி, வரைபடங்களும் ஒரு நிலப்படமும் வரைந்து வைத்திருக்கிறார்கள். நடுவில், விளக்கம் எழுதிய ஒரு பகுதியில் இப்படி ஒரு வாக்கியம்: வடகிழக்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. இது தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது தென்மேற்குப் பருவமழை. வடகிழக்குப் பருவமழையின் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எழுதியவர் தென்மேற்குப் பகுதியில் இருந்த வாக்கியத்தைப் பிரதி எடுத்து ஒட்டி, மாதங்களை மாற்ற மறந்துவிட்டார். கணக்குகள் எல்லாம் சரி, வரைபடங்களும் சரி. விளக்கத்தில் ஒரே ஒரு வரி பிழை.

அந்த வரியைத் திருத்த வேண்டும். மற்ற எதுவும், வரைபடத்தின் ஒரு புள்ளிகூட, அசையக் கூடாது. சின்ன வேலைதான். ஆனால் நோட்புக் கோப்பின் உள்ளமைப்பு தெரியாமல் கைவைத்தால், ஒரு வரித் திருத்தம் ஆயிரம் வரி மாற்றமாகப் போய் நிற்கும். அப்புறம் அதைச் சரிபார்க்க வேண்டியவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறுவார்.

நோட்புக்கைப் பயன்படுத்தாத வாசகர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். விளக்கமும் நிரலும் விடையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும்படி அமைந்ததுதான் ஜூபிட்டர் நோட்புக். கோப்பு சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் செல் என்கிறோம். மார்க்டவுன் செல்லில் விளக்கம் இருக்கும், கோட் செல்லில் நிரல் இருக்கும். நிரலை ஓட்டியதும் வரும் எண், அட்டவணை, படம் எல்லாம் அந்தச் செல்லுக்கு அடியிலேயே அவுட்புட்டாகச் சேமிக்கப்படும். கோப்பின் பெயர் .ipynb என்று முடியும். ஜூபிட்டர் என்ற பெயர் 2014இல் வருவதற்கு முன்பு இதன் பெயர் ஐபைத்தான் நோட்புக். அதன் சுருக்கமே கோப்பின் வாலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விளக்கத்தைத் திருத்திவிட்டு முழு நோட்புக்கையும் மறுபடி ஓட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பல நேரம் அது நடக்காது. கணக்கு முடியப் பல மணி நேரம் ஆகலாம். மூலத் தரவு இருந்த சர்வரில் இன்று வேறு தரவு இருக்கலாம். அன்று இருந்த பாண்டாஸ் பதிப்புக்கும் இன்றைய பதிப்புக்கும் வித்தியாசம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அவுட்புட்டுகள் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட தரவில் கிடைத்த விடைகள். அவற்றை நம்பி ஒருவர் கட்டுரை எழுதியிருப்பார், இன்னொருவர் முடிவெடுத்திருப்பார். விளக்கத்தில் மாதத்தின் பெயரை மாற்றப் போய் அந்தச் சான்றை அழிப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி கோப்பின் உள்ளே போவோம். திரையில் படமும் அட்டவணையுமாகத் தெரிந்தாலும், வட்டில் இருப்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஜேசன் என்ற வடிவில், அடைப்புக்குறிகளுக்குள் பெயரும் மதிப்புமாக எழுதியிருக்கும். நம் பிழை இருக்கும் செல் அதில் இப்படித் தெரியும்:

```json
  {
   "cell_type": "markdown",
   "id": "7d1c9e02",
   "metadata": {},
   "source": [
    "### வடகிழக்குப் பருவமழை\n",
    "\n",
    "இந்தப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது."
   ]
  },
```

`source` என்பதுதான் நாம் எழுதிய உரை. அது ஒரே நீளமான சரமாக இல்லாமல், வரிக்கு ஒன்றாகப் பட்டியலிட்டிருப்பதைக் கவனியுங்கள். கடைசி வரியைத் தவிர ஒவ்வொன்றின் முடிவிலும் `\n` இருக்கிறது. `id` என்பது அந்தச் செல்லின் அடையாளம். நோட்புக் வடிவத்தின் 4.5ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு செல்லுக்கும் இது கட்டாயம். `metadata` இங்கே காலியாக இருக்கிறது, ஆனால் எப்போதும் அப்படி இருக்காது. ஸ்லைடாகக் காட்டும்போது இந்தச் செல் எங்கே வர வேண்டும், எந்தச் செல்லில் அளபுருக்கள் இருக்கின்றன என்பது போன்ற குறிப்புகள் அங்கேதான் போகும். பேப்பர்மில் என்ற கருவி `parameters` என்ற குறிச்சொல் உள்ள செல்லைத் தேடித்தான் புது மதிப்புகளைச் செருகுகிறது. கோட் செல்லில் இவற்றோடு `outputs`, `execution_count` என்ற இரண்டும் சேரும்.

ஆகவே நம் வேலை என்னவென்றால், இந்த ஒரு செல்லின் `source` பட்டியலில் மூன்றாம் சரத்தை மட்டும் மாற்றுவது. பிழையான செல்லை அழித்துவிட்டு அதே இடத்தில் புதுச் செல் ஒன்றை எழுதுவது இதற்குச் சமம் ஆகாது. புதுச் செல்லுக்குப் புது அடையாளம் கிடைக்கும். பழைய மெட்டாடேட்டா போய்விடும். மார்க்டவுன் செல்லுக்குள் படம் ஒட்டியிருந்தால் அது `attachments` என்ற பெயரில் அந்தச் செல்லோடுதான் இருக்கும், செல்லை அழித்தால் படமும் போய்விடும்.

முதலில் பலருக்கும் தோன்றுவது தேடி மாற்றும் வழி. எடிட்டரில் திறந்து, ஜூனில் என்று இருக்கும் இடமெல்லாம் அக்டோபரில் என்று மாற்றினால் முடிந்தது என்று நினைப்போம். நம் நோட்புக்கில் அப்படிச் செய்தால் தென்மேற்குப் பருவமழையைப் பற்றிச் சரியாக எழுதியிருந்த செல்லும் பிழையாகிவிடும். ஏதாவது ஒரு கோட் செல் அதே வாக்கியத்தை அச்சிட்டிருந்தால், அதன் அவுட்புட்டும் மாறிவிடும். நிரல் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கோப்பில் பதிவாகிவிடும்.

ஆங்கில உரையில் இதைவிட விபரீதமான ஒன்று நடக்கலாம். படங்கள் கோப்பில் பேஸ்64 என்ற முறையில், ஆங்கில எழுத்துகளும் எண்களும் இரண்டு குறிகளுமாக 64 உருக்களைக் கொண்ட நீண்ட சரமாகச் சேமிக்கப்படுகின்றன. பி.என்.ஜி. படம் என்றால் அந்தச் சரம் எப்போதும் `iVBORw0KGgo` என்றுதான் தொடங்கும். அதற்கப்புறம் வருவது பார்வைக்குப் பொருளற்ற எழுத்துக் குவியல். 100 கேபி அளவுள்ள ஒரு படத்துக்கு ஏறக்குறைய 1,36,000 எழுத்துகள் வரும். யாரோ the என்பதை `teh` என்று தட்டிவிட்டார், அதைக் கோப்பு முழுக்கத் தேடி மாற்றுகிறீர்கள் என்றால், 64 உருக்களில் மூன்றெழுத்துச் சேர்க்கைகள் 2,62,144 இருக்கின்றன. எழுத்துகள் தாறுமாறாக விழுந்திருக்கின்றன என்று கொண்டால், அந்த ஒரு படத்துக்குள் `teh` தற்செயலாக அமைந்திருக்கும் வாய்ப்பு ஐந்தில் இரண்டு பங்கு. படம் பத்து இருந்தால் எங்காவது ஒன்றில் இருப்பது கிட்டத்தட்ட நிச்சயம். மாற்றிய பிறகும் எழுத்துகளின் எண்ணிக்கை அதேதான், ஜேசன் வடிவமும் கெடாது. எந்த எச்சரிக்கையும் வராது. பி.என்.ஜி. கோப்பு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சுமந்துகொண்டிருப்பதால், படத்தைக் காட்டப் போகிற நிரல் அது பொருந்தவில்லை என்று கண்டு படத்தைக் காட்டாமல் போகலாம், பாதியில் நிறுத்தலாம். எழுத்துப்பிழை திருத்தியதற்கும் வரைபடம் உடைந்ததற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்த வழி, ஜூபிட்டரிலேயே திறந்து திருத்துவது. மார்க்டவுன் செல்லை இரண்டு முறை சொடுக்கி, மாதங்களை மாற்றி, சேமிப்பது. பெரும்பாலானோருக்கு இது போதும், அவுட்புட்டுகளும் அப்படியே இருக்கும். மார்க்டவுன் செல்லில் ஷிஃப்ட்-என்டர் அழுத்தினால் எந்த நிரலும் ஓடாது, உரை மட்டும் அழகாகக் காட்டப்படும். ஆனால் அழுத்தியவுடன் கர்சர் அடுத்த செல்லுக்குப் போய்விடும். அது கோட் செல்லாக இருந்து, கைப்பழக்கத்தில் இன்னொரு முறை அழுத்திவிட்டால் அந்த நிரல் ஓடி, பழைய அவுட்புட் போய்விடும். தரவுக் கோப்பு நம் கணினியில் இல்லையென்றால் வரைபடம் இருந்த இடத்தில் சிவப்பில் ஒரு பிழைச் செய்திதான் மிஞ்சும்.

அப்படி எதுவும் நடக்காவிட்டாலும் மெட்டாடேட்டா மாறலாம். நோட்புக்கைத் திறந்ததும் ஜூபிட்டர் பின்னணியில் ஒரு பைத்தானைத் தொடங்கிவிடும். சேமிக்கும்போது, கோப்பின் அடியில் `language_info` என்ற இடத்தில் அந்தப் பைத்தானின் பதிப்பு எண்ணை எழுதும். பழைய கணக்கு 3.8இல் ஓடியது, உங்கள் கணினியில் இருப்பது 3.11 என்றால், இனி அந்தக் கோப்பு 3.11இல் ஓடியதாகச் சொல்லும். அவுட்புட்டுகள் எந்தச் சூழலில் கிடைத்தன என்பதற்குக் கோப்புக்குள் இருந்த ஒரே தடயம் பொய்யாகிவிடுகிறது. இதனால்தான், அடுத்தவருடைய நோட்புக்கில், அதுவும் ஆய்வோடு வெளியான நோட்புக்கில் கைவைக்கும்போது, ஜூபிட்டரைத் திறக்காமல் கோப்பையே நேராகத் திருத்துவது நல்லது என்கிறேன்.

நேராகத் திருத்துவது என்றால், பைத்தானின் `json` நூலகத்தால் கோப்பைப் படித்து, ஒரு சரத்தை மாற்றி, திரும்ப எழுதுவது. இங்கேதான் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு குழி காத்திருக்கிறது. அந்த நூலகம் எதுவும் சொல்லாவிட்டால் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையெல்லாம் எண்களாக மாற்றித்தான் எழுதும். ஜூன் என்ற சொல் கோப்பில் இப்படி ஆகிவிடும்:

```text
\u0b9c\u0bc2\u0ba9\u0bcd
```

ஜூபிட்டர் இதைத் திரும்பவும் ஜூன் என்றுதான் காட்டும், எனவே திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் கோப்பில் தமிழ் இருந்த ஒவ்வொரு வரியும் மாறியிருக்கும். யூடிஎஃப்-8இல் மூன்று பைட் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் ஆறு பைட்டாக வளர்ந்திருக்கும். எது திருத்தம், எது வெறும் உருமாற்றம் என்று கிட்டில் பார்ப்பவருக்குப் புரியாது. இதைத் தடுக்க `ensure_ascii=False` என்று சொல்ல வேண்டும். அதுபோல வரிகளை உள்தள்ளும் இடைவெளி எவ்வளவு என்பதும் உண்டு. ஜூபிட்டர் ஒவ்வொரு படிக்கும் ஒரு இடைவெளி விட்டு எழுதும், கோப்பின் கடைசியில் ஒரு வரி முறிவையும் வைக்கும். நாம் நான்கு இடைவெளி விட்டு எழுதினால் கோப்பின் எல்லா வரிகளும் மாறிவிடும்.

இந்த விவரங்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. திருத்துவதற்கு முன்னால், எதையும் மாற்றாமல், படித்ததை அப்படியே திரும்ப எழுதிப் பாருங்கள். பைட் பிசகாமல் பழைய கோப்பே வருகிறதா? வந்தால் மட்டுமே மேலே போகலாம்.

```python
import json
from pathlib import Path

p = Path("mazhai.ipynb")
raw = p.read_bytes()
nb = json.loads(raw)

def to_bytes(nb):
    s = json.dumps(nb, indent=1, ensure_ascii=False)
    return (s + "\n").encode("utf-8")

assert to_bytes(nb) == raw
```

கடைசி வரிதான் இதில் முக்கியம். அது பிழை காட்டாமல் கடந்துபோனால், நம் எழுதும் முறை இந்தக் கோப்பின் முறையோடு அச்சாகப் பொருந்துகிறது என்று பொருள். இனி கோப்பில் ஏதாவது மாறினால் அது நாம் மாற்றியதாக மட்டுமே இருக்கும். பைட்டாகவே படித்து பைட்டாகவே எழுதுவதற்கும் காரணம் உண்டு. விண்டோஸில் கோப்பை எழுத்தாகத் திறந்து எழுதினால் வரி முடிவுகள் தாமாகவே விண்டோஸ் பாணிக்கு மாறிவிடும், ஒவ்வொரு வரியும் மாறியதாகக் கணக்காகும்.

இந்த வேலைக்கென்றே ஜூபிட்டர் குழு தரும் `nbformat` நூலகம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தக் கூடாதா என்று அனுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். புது நோட்புக் உருவாக்க அது அருமையான கருவி. இந்த வேலைக்கு அது அளவுக்கு மீறி உதவி செய்கிறது. எழுதும்போது பெயர்களை அகர வரிசையில் அடுக்கும், அடையாளம் இல்லாத செல் இருந்தால் புதிதாக ஒன்றைப் போட்டுவிடும், வரிகளை ஒட்டித் திரும்பப் பிரிக்கும். ஜூபிட்டரே சேமித்த கோப்பில் இவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கூகுள் கோலாபில் உருவான கோப்பில் பெயர்களின் வரிசையே வேறு, செல்லின் அடையாளம் மெட்டாடேட்டாவுக்குள் இருக்கும். அதை `nbformat` வழியாக எழுதினால் பக்கம் பக்கமாக இடம் மாறும்.

இப்போது திருத்தம்.

```python
ids = [c.get("id") for c in nb["cells"]]
k = ids.index("7d1c9e02")
src = nb["cells"][k]["source"]

old = "ஜூனில் தொடங்கி செப்டம்பரில்"
new = "அக்டோபரில் தொடங்கி டிசம்பரில்"

hits = [i for i, line in enumerate(src) if old in line]
assert len(hits) == 1
i = hits[0]
src[i] = src[i].replace(old, new)
p.write_bytes(to_bytes(nb))
```

செல்லை எண்ணிக்கையால் தேடாமல் அடையாளத்தால் தேடுவதைக் கவனிக்கலாம். பதினேழாவது செல் என்று குறித்து வைத்திருந்தால், இடையில் யாராவது மேலே ஒரு செல்லைச் சேர்த்ததும் அது பதினெட்டாவது ஆகிவிடும். அடையாளம் அப்படி நகராது. பழைய வடிவில் உள்ள, அடையாளமே இல்லாத நோட்புக் என்றால், செல்லின் தலைப்பு வரியை வைத்து அடையாளம் காண்பது அடுத்த நல்ல வழி. அடுத்து, பழைய சொற்றொடர் அந்தச் செல்லில் சரியாக ஒரே ஒரு வரியில் இருக்கிறதா என்ற கேள்வி. எங்கும் இல்லாவிட்டாலும், இரண்டு வரிகளில் இருந்தாலும் நிரல் நின்றுவிட வேண்டும். எதுவும் மாறாமலே, மாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் சேமித்துவிட்டுப் போவதைவிட நிற்பது மேல். சில நோட்புக்குகளில் `source` பட்டியலாக இல்லாமல் ஒரே சரமாக இருக்கும், அதுவும் முறையானதே. அப்போதும் இந்த நிரல் இதே இடத்தில் நிற்கும். நேராக `replace` போட்டு, மாற்றியதைச் செல்லில் திரும்ப வைத்தால் போதும். அதைப் பட்டியலாக மாற்ற முயல வேண்டாம்.

கண்ணுக்கு நேராகத் தொடங்கி என்று இருக்கிறது, நிரலோ இல்லை என்கிறது. தமிழ்க் கோப்புகளில் இப்படி நடப்பது அரிதல்ல. காரணம் தொ என்ற எழுத்து. ஒகரக் குறி யூனிகோடில் இரண்டு விதமாக அமையலாம். U+0BCA என்ற ஒரே குறியாக இருக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு U+0BC6, துணைக்கால் U+0BBE என்று இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பைத்தானுக்கு இவை வெவ்வேறு சரங்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். எந்த விசைப்பலகையில் தட்டினார்கள், எங்கிருந்து பிரதி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருக்கும். சந்தேகம் வந்தால் `ascii(src[2])` என்று அச்சிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது எந்தக் குறி என்று வெளிச்சமாகும்.

இதற்கு எளிய தீர்வு, `old` என்ற சரத்தை நாமே தட்டாமல் கோப்பிலிருந்தே பிரதி எடுப்பது. கோப்பு முழுவதையும் ஒரே வகைக் குறிக்கு மாற்றிவிட்டுத் தேடலாமே என்ற ஆசை வரும். வேண்டாம். அது எல்லாச் செல்களையும், அவுட்புட்டில் இருக்கும் தமிழையும் தொட்டுவிடும். சீராக்குவது நல்ல வேலைதான், ஆனால் அது வேறு வேலை, வேறு நாளில், தனியாகச் செய்ய வேண்டியது.

எழுதி முடித்த பிறகு சரிபார்ப்பு. நான் விரும்பும் முறை இது: பழைய கோப்பை மறுபடி படித்து, அதில் அந்த ஒரு செல்லின் உரையை மட்டும் புதிய உரையால் மாற்றினால், இரண்டு கோப்புகளும் எல்லா விதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

```python
before = json.loads(raw)
after = json.loads(p.read_bytes())
before["cells"][k]["source"] = after["cells"][k]["source"]
assert before == after
```

அவுட்புட், மெட்டாடேட்டா, `execution_count`, செல்களின் வரிசை என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு ஒப்பிட்டால் ஏதாவது ஒன்றை மறந்துவிடுவோம். இந்த நான்கு வரி, நாம் பெயர் சொல்லத் தெரியாதவற்றையும் சேர்த்து ஒப்பிட்டுவிடுகிறது. கோப்பு கிட்டில் இருந்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். `git diff --numstat` என்று கேட்டால் கோப்பின் பெயருக்கு முன்னால் `1 1` என்று வர வேண்டும். ஒரு வரி சேர்ந்தது, ஒரு வரி போனது. முழு வித்தியாசத்தைக் கேட்டால் இவ்வளவுதான் மாறியிருக்க வேண்டும்:

```diff
-    "இந்தப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது."
+    "இந்தப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது."
```

இதைப் பரிசீலிப்பவருக்கு அரை நிமிடம் போதும். நோட்புக்கையே திறக்காமல், அது சரியான திருத்தம் என்று சொல்லிவிடுவார்.

முதல் சோதனை தோற்றால் என்ன செய்வது? இடைவெளி ஒன்றுக்குப் பதில் இரண்டாக இருக்கலாம், கோலாப் கோப்புகளில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். `indent=2` என்று மாற்றிப் பார்க்கலாம். கடைசி வரி முறிவு இல்லாமல் இருக்கலாம். ஏற்கெனவே யாரோ தமிழை எண்களாக மாற்றி வைத்திருக்கலாம், அப்படியானால் நாமும் `ensure_ascii=True` என்றே எழுத வேண்டும். அழகுபடுத்தும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. எதுவும் ஒத்துவராவிட்டால் ஜேசனாகப் படிப்பதை விட்டுவிட்டு, VS Code போன்ற எடிட்டரில் கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்து, `7d1c9e02` என்று தேடிப் போய், அந்த ஒரு வரியைக் கையால் மாற்றலாம். அப்போது நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். புது உரையில் இரட்டை மேற்கோள் வந்தால் `\"` என்று எழுத வேண்டும். கணிதச் சமன்பாட்டில் வரும் பின்சாய்வுக் கோடு இரண்டாக, `\\` என்று இருக்க வேண்டும். வரி முடிவில் உள்ள `\n` தொலையக் கூடாது. பட்டியலின் கடைசிச் சரத்துக்குப் பின்னால் கமா வரக் கூடாது. முடித்ததும் மேலே சொன்ன அதே ஒப்பீட்டை ஓட்டிவிடலாம். ஜேசன் உடைந்திருந்தால் படிக்கும்போதே எந்த வரியில் என்று சொல்லிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. இவற்றைச் செய்யும்போது அந்த நோட்புக் பிரவுசரில் திறந்திருக்கக் கூடாது. ஜூபிட்டர்லேப் தன் நினைவில் பழைய பிரதியை வைத்துக்கொண்டு, வழக்கமாக 120 வினாடிக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும். வட்டில் கோப்பு மாறியிருப்பதைக் கண்டால், மேலெழுதவா என்று கேட்கும். அவசரத்தில் ஆம் என்று சொடுக்கினால் திருத்தம் போய்விடும்.

திருத்திய கோப்பை முதல் முறை ஜூபிட்டரில் திறக்கும்போது பலர் பதறிப்போகும் ஒரு காட்சி உண்டு. மாவட்ட மழையளவைக் காட்டிய நிலப்படம் இருந்த இடத்தில், `Make this Notebook Trusted to load map` என்று ஒரு வரி மட்டும் இருக்கும். ஃபோலியம் நூலகத்தால் வரைந்த நிலப்படங்களில் இப்படித்தான் வரும். அவுட்புட் அழிந்துவிட்டது என்று நினைத்து, செல்லை மறுபடி ஓட்டப் போவார்கள். அவுட்புட் எங்கேயும் போகவில்லை. நம் கணினியில் ஓட்டிச் சேமித்த நோட்புக்குகளுக்கு ஜூபிட்டர் உள்ளடக்கம் முழுவதையும் கொண்டு ஒரு கையொப்பத்தைக் கணக்கிட்டு, கோப்புக்கு வெளியே தனியாக ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. யாரோ தெரியாதவர் அனுப்பிய நோட்புக்கில் ஒளிந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், திறந்தவுடன் ஓடிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. வெளியிலிருந்து ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. எனவே ஜாவாஸ்கிரிப்ட் கலந்த அவுட்புட்டைக் காட்ட மறுக்கிறது. கோப்பில் இருப்பது நமக்குத் தெரிந்த உள்ளடக்கம்தான் என்றால் இந்தக் கட்டளை போதும்:

```bash
jupyter trust mazhai.ipynb
```

இது கோப்பைத் தொடாது, `git diff` அப்படியே இருக்கும். சாதாரணப் படங்களும் எண்களும் இந்தத் தடைக்குள் வராது, அதனால் நிலப்படமோ ஊடாடும் வரைபடமோ இல்லாத நோட்புக்கில் இதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

இதுவரை சொன்னது மார்க்டவுன் செல்லுக்கு. பிழை கோட் செல்லில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே உரைக்கும் அதன் கீழே உள்ள அவுட்புட்டுக்கும் உறவு இருக்கிறது. `#` போட்டு எழுதிய குறிப்பில் எழுத்துப்பிழை என்றால் இதே முறையில் திருத்தலாம், அவுட்புட் மெய்யாகவே இருக்கும். அப்போதும் வரிகளின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பேன். அந்தச் செல்லின் அவுட்புட்டில் ஒரு பிழைச் செய்தி சேமிக்கப்பட்டிருந்தால், அது இத்தனையாவது வரியில் கோளாறு என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கும். வரி நகர்ந்தால் அம்பு வேறு இடத்தைக் காட்டும்.

நிரலையே மாற்றினால் கதை வேறு. ஒரு சராசரியைக் கணக்கிடும் வரியில் மாதப் பட்டியல் தவறு என்று கண்டு, அதைத் திருத்திவிட்டு அவுட்புட்டை மட்டும் பழையபடி விட்டுவைத்தால், இந்த நிரல்தான் இந்த எண்ணைத் தந்தது என்று கோப்பு பொய் சொல்கிறது. அதைச் செய்யவே கூடாது. ஒன்று மறுபடி ஓட்டி எல்லா அவுட்புட்டையும் புதுப்பிக்க வேண்டும், அல்லது நிரலை அப்படியே விட்டு, பிழை இருக்கிறது என்று விளக்கச் செல்லில் எழுத வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது வரைபடத்தின் தலைப்பு. `plt.title` வரியில் வடகிழக்குப் பருவமழை, ஜூன்-செப்டம்பர் என்று இருந்தால் பார்வைக்கு அது வெறும் உரைதான், கணக்கைப் பாதிக்காது. ஆனால் அந்தத் தலைப்பு படத்துக்குள் புள்ளிகளாக வரையப்பட்டுவிட்டது. நிரலில் மாற்றினாலும் படத்தில் ஜூன் என்றே இருக்கும். மறுபடி ஓட்ட வழியில்லாத நோட்புக்கில் நான் அந்த நிரல் வரியைத் தொடமாட்டேன். அந்த வரைபடத்துக்கு முன்னால் ஏற்கெனவே இருக்கும் விளக்கச் செல்லின் `source` பட்டியலில் ஒரு வரி சேர்ப்பேன்: கீழே உள்ள படத்தின் தலைப்பில் மாதங்கள் தவறாக உள்ளன, காட்டியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை. முன்பிருந்த கடைசிச் சரத்துக்கு `\n` சேர்க்க வேண்டியிருப்பதால், இந்த முறை `git diff --numstat` `2 1` என்று காட்டும்.